பாட்டியின் பால்குடமும் முப்பதில் ஒரு வினாடியும்



இந்தப் பதிவு கொஞ்சம் நீளம். சாப்பாட்டு நேரத்தில் திறந்தவங்க சாப்பிட்டு முடிச்சிட்டு வந்து படிங்க.

பங்குனி உத்திரப் படங்களைப் போட்ட நாளிலிருந்து பல பேர் எங்களைக் கேட்கிறீங்க. "இந்த வருஷம் படமெல்லாம் தெளிவா இருக்கே, கோயில்ல புது கேமரா வாங்கிட்டாங்களா?" இல்லீங்க. அதே பழைய கேமரா, அதே லென்ஸ், படம் எடுக்கிற எங்க மூணு பேரும் அதே ஆளுங்கதான். மாறினது ரெண்டு மூணு செட்டிங்கும், நாங்க நிற்கிற இடமும். அது எப்படி மாறிச்சுன்னு சொல்லணும்னா போன வருஷம் நாங்க செஞ்ச ஒரு தப்பைச் சொல்லியாகணும்.

போன வருஷம் பங்குனி உத்திரத்தில் நம்ம கோயிலுக்கு வழக்கமா வருகிற ஒரு பாட்டி பால்குடம் எடுத்தாங்க. எழுபத்தஞ்சு வயசுக்கு மேலே. பிள்ளைகள் வேண்டாம்னு சொல்லியும் கேட்கல, மஞ்சள் புடவை கட்டி, தலையிலே குடத்தோட ஆத்தங்கரையிலிருந்து நடந்தே வந்தாங்க. வழி முழுக்கப் படம் எடுத்தோம். ஆனா வழியிலே கூட்டம், குடை, முன்னாடி போகிறவங்க தலை, எல்லாம் மறைச்சுது. பாட்டி முகம் முழுசாத் தெரியற மாதிரி கிடைச்சது ஒரே ஒரு படம்தான். மண்டபத்துக்குள்ளே நுழைஞ்சு, சன்னதியைப் பார்த்து லேசாத் தலையைத் திருப்பின அந்த ஒரு நொடி. கேமராவோட சின்ன ஸ்கிரீன்ல பார்த்தப்போ அருமையா இருந்துச்சு. எங்களுக்கே சந்தோஷம்.

ஏழு மாசம் கழிச்சு பாட்டி இறைவனடி சேர்ந்துட்டாங்க. காரியத்துக்கு முன்னாடி அவங்க மகன் எங்ககிட்ட வந்து, "அண்ணே, அம்மா பால்குடம் எடுத்த படம் இருக்கும்ல? முகம் தெரியற மாதிரி பெருசா ஒண்ணு போட்டுக் கொடுங்க, வீட்டுல வைக்கணும்"னு கேட்டாரு. கம்ப்யூட்டரில் திறந்து பெருசாக்கினோம். முகம் கலங்கியிருந்துச்சு. கண் இமை எது, கண் எதுன்னு பிரிக்க முடியல. மூக்குத்தி ஒரு கோடா இழுத்திருந்துச்சு.

சரி, சரி பண்ணிடலாம்னு நினைச்சோம். முதல்ல நாங்களே கம்ப்யூட்டரில் ஷார்ப்பன் பண்ணிப் பார்த்தோம். கொஞ்சம் ஏத்தினா ஒண்ணும் தெரியல. அதிகமா ஏத்தினா முகத்தைச் சுத்தி வெள்ளையா ஒரு ஓரம் வந்து, நெற்றியிலே இருந்த திருநீறு ரெண்டு ரெண்டு கோடாத் தெரிஞ்சுது. அப்புறம் படம் திருத்துற ஒருத்தர்கிட்ட கொடுத்தோம். அவர் பொறுமையா உட்கார்ந்து, பாட்டியோட பழைய அடையாள அட்டைப் படத்தைப் பார்த்து இமையையும் கண்ணையும் வரைஞ்சு கொடுத்தாரு. வேலை சுத்தம். ஆனா மகன் ரொம்ப நேரம் பார்த்துட்டு, "நல்லாத்தான் இருக்குண்ணே. ஆனா கண்ணு அம்மாவோடது இல்ல"ன்னு சொன்னாரு. அதுக்கு மேலே எங்களால ஒண்ணும் பேச முடியல.

தொழிற்சாலையிலே வேலை பார்க்கிறவங்களுக்கு இது புரியும். சில பழுதை ரீவொர்க் பண்ணலாம், சிலதை நேரா ரிஜெக்ட் தொட்டியிலேதான் போடணும். இருட்டா வந்த படத்தைப் பிறகு வெளிச்சமாக்கலாம். மஞ்சளா வந்ததை வெள்ளையாக்கலாம். சாய்ஞ்சதை நிமிர்த்தலாம். ஆனா ஷட்டர் திறந்திருக்கும்போது இழுபட்டுப் போன முகத்திலே அந்த விவரம் பதியவே இல்லை. பதியாததை எந்தப் பட்டனும் திரும்பக் கொண்டு வராது. ஷார்ப்பன்கிறது இருக்கிற ஓரத்தைக் கொஞ்சம் அழுத்திக் காட்டும், அவ்வளவுதான்.

அன்னைக்கு ராத்திரி நாங்க மூணு பேரும் உட்கார்ந்து அந்தப் படத்தோட விவரத்தைத் திறந்து பார்த்தோம். ஒவ்வொரு படத்துக்குள்ளேயும் கேமரா எல்லாத்தையும் எழுதி வெச்சிருக்கும். அதிலே இருந்தது இதுதான்: 1/30, f/5.6, ISO 800, லென்ஸ் 85 மில்லிமீட்டர். அதுக்குச் சரியா ஒரு நிமிஷம் முன்னாடி வெளியே வெயில்ல எடுத்த படத்திலே 1/500 இருந்துச்சு. வாசப்படியைத் தாண்டி உள்ளே வந்ததும் வெளிச்சம் குறைஞ்சிருக்கு, கேமரா தானாவே ஷட்டரை 1/30க்கு இறக்கியிருக்கு. எங்க மூணு பேரிலே ஒருத்தரும் கவனிக்கல.

1/30ன்னா ஷட்டர் ஒரு வினாடியில் முப்பதில் ஒரு பங்கு நேரம் திறந்திருக்கு. கேட்க ரொம்பக் கொஞ்சமாத்தான் இருக்கு. கணக்குப் போட்டுப் பாருங்க. பாட்டி மெதுவாத்தான் நடந்தாங்க, வினாடிக்கு அரை மீட்டர்னு வெச்சுக்குவோம், அதாவது 50 சென்டிமீட்டர். முப்பதால வகுத்தா ஒன்றரை சென்டிமீட்டருக்கு மேலே வருது. ஷட்டர் திறந்து மூடுறதுக்குள்ளே பாட்டி முகம் அவ்வளவு தூரம் நகர்ந்திருக்கு. மனுஷக் கண்ணோட அகலமே ஏறக்குறைய மூணு சென்டிமீட்டர்தான். அப்போ கண் தன்னோட அகலத்திலே பாதி தூரத்துக்கு இழுபட்டிருக்கு. எப்படித் தெளிவா வரும்? அதையே 1/250ல எடுத்திருந்தா நகர்வு ரெண்டு மில்லிமீட்டர். இமைமுடி கொஞ்சம் மெத்தையாத் தெரிஞ்சிருக்கலாம், ஆனா கண் கண்ணா இருந்திருக்கும்.

எங்க தம்பி ஒருத்தர் கேட்டாரு, "லென்ஸ்லதான் ஆட்டத்தைத் தடுக்கிற வசதி இருக்கே, அது ஏன் உதவல?" நல்ல கேள்வி. பதில் அந்தப் படத்துக்குள்ளேயே இருந்துச்சு. பாட்டிக்குப் பின்னாடி இருந்த தூண் கத்தி மாதிரி கூர்மையா இருந்துச்சு, தூணிலே ஒட்டியிருந்த உபயகாரர் பேரைக்கூடப் படிக்க முடிஞ்சுது. அந்த வசதி வேலையைச் செஞ்சிருக்கு. அது தடுக்கிறது நம்ம கை ஆட்டத்தை. எதிரே இருக்கிறவங்க நடக்கிறதை அதால நிறுத்த முடியாது. இந்த ரெண்டையும் நாங்க அதுவரைக்கும் ஒண்ணாவே நினைச்சிருந்தோம்.

அதனால கலங்கின படத்தைப் பார்த்தா முதல்ல எந்த வகைன்னு பார்க்கப் பழகிக்கிட்டோம். பின்னாடி இருக்கிற தூண், கோலம், சுவர் எல்லாம் தெளிவா இருந்து ஆள் மட்டும் இழுபட்டிருந்தா, ஆள் நகர்ந்திருக்காங்க. படம் முழுக்க, தூணும் ஆளும் சேர்ந்து, ஒரே பக்கமா இழுபட்டிருந்தா அது நம்ம கை. இதைக் கண்டுபிடிக்கக் கோயில்ல ஒரு சுலபமான வழி இருக்கு: அகல் விளக்கைப் பாருங்க. கை ஆடியிருந்தா வரிசையா இருக்கிற எல்லாச் சுடரும் ஒரே மாதிரி ஒரு சின்ன வால் போட்டிருக்கும், கமா மாதிரி. எல்லா வாலும் ஒரே பக்கம், ஒரே நீளம். மூணாவது வகை, ஆள் மங்கலா இருந்து அவங்களுக்கு முன்னாடியோ பின்னாடியோ வேற ஏதாவது தெளிவா இருந்தா, அது ஃபோகஸ் தப்பு. ஷட்டருக்கும் அதுக்கும் சம்பந்தம் இல்லை. அதை இந்தப் பதிவிலே தொடல.

கை ஆட்டத்துக்கு ஒரு பழைய கணக்கு இருக்கு. ஃபிலிம் காலத்திலிருந்து படம் பிடிக்கிறவங்க சொல்லிக்கிட்டு வர்றது. லென்ஸ் எத்தனை மில்லிமீட்டரோ, ஷட்டர் அதிலே ஒரு பங்கை விட மெதுவா இருக்கக் கூடாது. 50 மில்லிமீட்டர் லென்ஸ்னா 1/50, 200 மில்லிமீட்டர்னா 1/200. காரணம் எளிதுதான். தூரத்தில இருக்கிறதை லென்ஸ் எவ்வளவு பெருசாக்கிக் காட்டுதோ, நம்ம கை நடுக்கத்தையும் அவ்வளவு பெருசாக்கும்.

ஆனா அந்தக் கணக்கு 35 மில்லிமீட்டர் ஃபிலிமுக்குப் போட்டது. நம்ம கோயில் கேமரா மாதிரி சின்ன சென்சார் உள்ளதுக்கு அந்த எண்ணை ஒன்றரையால பெருக்கிக்கணும். எங்க தம்பி கையில இருக்கிறது 50 மில்லிமீட்டர் லென்ஸ், ஆட்டம் தடுக்கிற வசதி இல்லாதது. பெருக்கினா 75, அப்போ குறைஞ்சது 1/80. போன வருஷம் அவர் விளக்கு பூஜையிலே 1/40ல எடுத்திருக்காரு. அவரோட படங்களிலேதான் அகல் விளக்கெல்லாம் கமா போட்டிருந்துச்சு. இன்னொண்ணு, ஃபிலிம் காலத்திலே படத்தைச் சின்னதாக் கழுவி ஆல்பத்திலே வெச்சுப் பார்த்தாங்க. இப்போ ஆளாளுக்கு விரலால பெருசாக்கிப் பார்க்கிறோம். அதனால எங்களுக்குள்ளே ஒரு முடிவு, கணக்கிலே வர்ற எண்ணை இன்னொரு தடவை இரட்டிப்பாக்கிடுறது. ஆட்டம் தடுக்கிற வசதி இல்லாத லென்ஸுக்கு அதுதான் எங்க வழக்கம். தம்பி இப்போ 1/160க்குக் கீழே இறங்குறதில்லை.

ஆனா கவனிங்க, இந்தக் கணக்கு கைக்கு மட்டும்தான். எதிரே இருக்கிறவங்க நகர்ந்தா வேற கணக்கு வேணும், அதிலே லென்ஸ் எண்ணை நம்பி உட்கார முடியாது. நாங்க கோயிலுக்குன்னு வெச்சிருக்கிற அளவு இதுதான். நின்னுக்கிட்டுக் கும்பிடுறவங்களுக்கு 1/125. ஏன்னா நிற்கிறவங்களும் சும்மா நிற்க மாட்டாங்க, கன்னத்திலே போட்டுக்குவாங்க, குழந்தையைத் தூக்குவாங்க. நடந்து வர்றவங்களுக்கு 1/250. காவடி ஆடுறவங்களுக்கு, உறுமி அடிக்கிறவங்க கைக்கு 1/500. ரெண்டு கணக்கிலே எது வேகமோ அதைத்தான் எடுத்துக்கணும்.

இப்போ நீங்க கேட்பீங்க, மண்டபத்துக்குள்ளே 1/250 வெச்சா படம் இருட்டா வராதான்னு. வரும், வேற எதையும் மாத்தலைன்னா. இங்கேதான் எங்களோட உண்மையான தப்பு இருந்துச்சு. சொல்லக் கூச்சமா இருக்கு, இருந்தாலும் சொல்றோம்.

ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி யாரோ எங்ககிட்ட, "ஐஎஸ்ஓ அதிகமாப் போனா படத்திலே புள்ளி புள்ளியா மணல் மாதிரி விழும்"னு சொன்னாங்க. அது உண்மைதான். அதைக் கேட்டு நாங்க கேமராவிலே தானியங்கி ஐஎஸ்ஓவுக்கு 800தான் உச்சம்னு பூட்டிட்டோம். பூட்டினதையே மறந்தும் போயிட்டோம். வெளியே வெயில்ல அதனால ஒரு தொந்தரவும் இல்லை. மண்டபத்துக்குள்ளே வந்ததும் கேமராவுக்கு வெளிச்சம் பத்தல. ஐஎஸ்ஓவை ஏத்தலாம்னு பார்த்தா நாங்க போட்ட பூட்டு. லென்ஸ் ஏற்கெனவே முழுசாத் திறந்திருக்கு. மிச்சம் இருக்கிறது ஷட்டர் ஒண்ணுதான். அதை இறக்கிடுச்சு. கேமரா மேலே குத்தம் சொல்ல முடியாது, நாங்க வேற வழியே விடல.

அன்னைக்கு எங்களுக்கு என்ன தேவைப்பட்டிருக்கும்? 1/30லேர்ந்து 1/60, 1/125, 1/250. மூணு தடவை இரட்டிப்பு. ஷட்டர் ஒவ்வொரு தடவை இரட்டிப்பாகும்போதும் உள்ளே வர்ற வெளிச்சம் பாதியாகுது. அதை ஈடுகட்ட ஐஎஸ்ஓவும் மூணு தடவை இரட்டிப்பாகணும். 800லேர்ந்து 1600, 3200, 6400. ISO 6400ல புள்ளி விழும், மறுக்கல. ஆனா அந்தப் புள்ளியைப் பிறகு கம்ப்யூட்டர்ல ஓரளவு குறைக்கலாம், அச்சிலே போட்டா பாதி கண்ணுக்கே தெரியாது. புள்ளி விழுந்த முகத்திலே கண் கண்ணா இருக்கும். இழுபட்ட முகத்திலே இல்லை. பாட்டி மகன்கிட்ட ரெண்டையும் நீட்டி எது வேணும்னு கேட்டிருந்தா எதைச் சொல்லியிருப்பாருன்னு எங்களுக்குத் தெரியும்.

இந்த வருஷம் அந்தப் பூட்டை 6400க்கு ஏத்திட்டோம். கேமரா மேலே இருக்கிற சக்கரத்தை S-க்குத் திருப்பிட்டோம், சில கேமராவிலே அது Tv-ன்னு இருக்கும். அதிலே ஷட்டரை நாம சொல்லுவோம், மத்ததைக் கேமரா பார்த்துக்கும். 1/250ன்னு வெச்சா 1/250தான், வெளியே போனாலும் உள்ளே வந்தாலும் அது இறங்காது. படம் கொஞ்சம் இருட்டா வந்தாலும் பரவாயில்லை, அது ரீவொர்க் பண்ணக்கூடியது. சில கேமராவிலே தானியங்கி ஐஎஸ்ஓ மெனுவுக்குள்ளே Minimum shutter speed-ன்னு ஒரு வரி இருக்கும், அதிலே 1/250 போட்டாலும் ஏறக்குறைய இதே காரியம்தான். ஆனா ஒரு எச்சரிக்கை. ஐஎஸ்ஓ உச்சத்தைத் தொட்டுட்டா, அந்த வரியை மீறிக் கேமரா ஷட்டரை இறக்கிடும். அதனால நாங்க S-ஐயே நம்புறோம்.

செட்டிங்கை விடப் பெரிய பலன் கொடுத்தது வேற ஒண்ணு. நிற்கிற இடம். போன வருஷம் நாங்க மண்டபத்து நடுவிலே, கொடிமரத்துக்குப் பக்கத்திலே நின்னோம். அங்கே வெளிச்சம் ரொம்பக் குறைவு. இந்த வருஷம் வாசலுக்கு உள்பக்கமா, நாலு அடி தள்ளி ஓரமா நின்னோம். வாசல் வழியா வர்ற பகல் வெளிச்சம் படியைத் தாண்டுறவங்க முகத்திலே பக்கவாட்டா விழுது. அதே 6400 இல்லாம 1600லேயே 1/500 கிடைச்சுது. இன்னொரு லாபமும் இருக்கு. படியைத் தாண்டும்போது எல்லாரும் ஒரு கணம் நின்னு, கால் பார்த்து, தலையிலே குடத்தைப் பிடிச்சுக்கிட்டுத்தான் வைப்பாங்க. யாரும் ஓடித் தாண்ட மாட்டாங்க. அந்த நிறுத்தமே நமக்குப் பாதி ஷட்டர்.

நிறுத்தத்துக்குக் காத்திருக்கிற இந்த விஷயம் தீபாராதனைக்கும் பொருந்தும். முதல்ல ஒண்ணு, கருவறை மூலவரை நாங்க எடுக்கிறதில்லை, யாரும் எடுக்க வேண்டாம்னு கேட்டுக்கிறோம். ஃபிளாஷும் போடுறதில்லை. இங்கே சொல்றது மண்டபத்திலே உற்சவருக்கு நடக்கிற தீபாராதனை. சுவாமி அசையறதில்லை, அதனால சுவாமி மட்டும்னா தூணிலே சாய்ஞ்சு 1/30லகூடத் தெளிவா எடுக்கலாம். ஆட்டம் தடுக்கிற லென்ஸா இருந்தா இன்னும் நிம்மதி. ஆனா தீபம் சுத்துது. குருக்கள் ஐயா ஒரு சுத்துக்கு ரெண்டு வினாடி எடுத்துக்கிறார், வட்டத்தோட குறுக்களவு 60 சென்டிமீட்டர்னு வையுங்க. சுற்றளவு ஏறக்குறைய 188 சென்டிமீட்டர், வினாடிக்கு 94. 1/60ல எடுத்தா தீபம் ஒன்றரை சென்டிமீட்டர் ஓடியிருக்கும். சுடர் நீண்டு வர்றது அழகாத்தான் இருக்கும், அதிலே தப்பில்லை. ஆனா தட்டைப் பிடிச்சிருக்கிற ஐயாவோட விரலும் சேர்ந்து இழுபடும். சுத்தி முடிச்சு, திருமுகத்துக்கு நேரா தீபத்தைத் தூக்கி ஒரு கணம் நிறுத்துவார் பாருங்க, மணிச் சத்தம் உச்சத்துக்குப் போகிற நேரம். அப்போ 1/125 போதும். சுடர் நிமிர்ந்து நிற்கும், சுவாமி முகத்திலே அந்த மஞ்சள் வெளிச்சமும் விழுந்திருக்கும். முன்னாடியெல்லாம் சுத்தும்போதே நாற்பது படம் தட்டுவோம். இப்போ காத்திருந்து நாலு தட்டுறோம்.

கேமராவை எப்படிப் பிடிக்கிறதுன்னு ஒரு வார்த்தை. இடது உள்ளங்கையை லென்ஸுக்கு அடியிலே கொடுத்துத் தாங்கணும், மேலேயிருந்து கவ்வக் கூடாது. ரெண்டு முழங்கையும் விலாவை ஒட்டியிருக்கணும். கேமராவைப் புருவத்திலே அழுத்தி, கண்ணை வச்சுப் பார்க்கிற துவாரம் வழியா எடுக்கணும். கையை நீட்டி ஸ்கிரீனைப் பார்த்து எடுத்தா ஆட்டம் கூடத்தான் செய்யும். மூச்சை விட்டு முடிச்ச இடத்திலே பட்டனை மெதுவா அழுத்துங்க, குத்தாதீங்க. மூணு படம் தொடர்ச்சியா எடுத்தா நடுவிலே வர்றது பெரும்பாலும் நல்லா இருக்கும், ஏன்னா அழுத்தும்போது முதல் படம் ஆடும், விடும்போது கடைசிப் படம் ஆடும். பக்கத்திலே தூண் இருந்தா தோளைச் சாய்ச்சுக்கோங்க. நம்ம கோயில்ல தூணுக்குப் பஞ்சம் இல்லை.

வேகமான ஷட்டருக்கும் ஒரு எல்லை உண்டு. மண்டபத்துல 1/500 வெச்சு எடுத்தப்போ படத்திலே குறுக்கே இருட்டா ஒரு பட்டை விழுந்துச்சு. கேமரா கெட்டுப் போச்சோன்னு பயந்துட்டோம். விஷயம் விளக்கிலே. நம்ம ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். சில டியூப் லைட்டும் மலிவான எல்இடியும் வினாடிக்கு 100 தடவை கூடிக் குறைஞ்சு எரியும், நம்ம கண்ணுக்குத் தெரியாது. 1/100 அல்லது 1/50 வெச்சா ஒரு முழு ஏற்ற இறக்கம் உள்ளே வந்துடும், பட்டை தெரியாது. அதைவிட வேகமாப் போனா அதிலே ஒரு துண்டு மட்டும் பதியும். அந்த இடத்திலே நின்னு நிதானமாக் கும்பிடுறவங்களை எடுக்கிறப்போ நாங்க 1/100க்கு இறங்கிடுறோம். நடக்கிறவங்களுக்கு இறங்க முடியாது, அதனாலதான் வாசல் வெளிச்சம். உற்சவர் மேலே சுத்தியிருக்கிற சீரியல் பல்பு சிலது வேற வேகத்திலே மினுக்கும், அதுக்கு இந்த 1/100 கணக்கு உதவாது. எடுத்துப் பார்த்துத்தான் தெரிஞ்சுக்கணும்.

உங்களிலே முக்கால்வாசிப் பேர் கைப்பேசியிலேதான் எடுப்பீங்க. அதிலேயும் இதே கதைதான். இருட்டிலே கைப்பேசி தானாவே இரவு முறைக்குப் போய், சில வினாடிக்குப் பல படம் எடுத்து ஒண்ணாச் சேர்க்கும். கோபுரத்துக்கும் அலங்காரத்துக்கும் அது அருமை. பால்குடம் தூக்கி வர்ற அம்மாவுக்கு ஆகாது. ஆள் நடக்கிறப்போ அதை அணைச்சிடுங்க. சில கைப்பேசியிலே Pro-ன்னு ஒரு முறை இருக்கும், அதிலே ஷட்டரை நாமே 1/250 வைக்கலாம். ரெண்டு கையாலும் பிடிங்க, ஸ்கிரீனைக் குத்தாம ஒலி கூட்டுற பட்டனை அழுத்திப் பாருங்க. அதோட முக்கியமா, லென்ஸைச் சட்டையிலே துடைச்சிடுங்க. அர்ச்சனைத் தட்டு பிடிச்ச எண்ணெய்க் கையும் திருநீறும் பட்டிருந்தா எல்லா விளக்கையும் சுத்திப் புகை மாதிரி வரும். போன மாசம் ஒரு அக்கா, "என் போன் கேமரா போயிடுச்சு தம்பி"ன்னு வந்தாங்க. துடைச்சுக் கொடுத்தோம், சரியாப் போச்சு.

கடைசியா நாங்க வெச்சிருக்கிற ஒரு பழக்கம். முக்கியமான படம் எடுத்தவுடனே, அவங்க நகர்றதுக்குள்ளே, ஸ்கிரீன்ல கண்ணைப் பெருசாக்கிப் பார்க்கிறோம். சின்ன ஸ்கிரீன்ல எல்லாப் படமும் தெளிவாத்தான் தெரியும், போன வருஷம் எங்களை ஏமாத்தினது அதுதான். இமை தெரியலைன்னா, "ஐயா, இன்னொரு தடவை இப்படிப் பாருங்க"ன்னு கேட்டுடுறோம். யாரும் கோவிச்சுக்கிட்டது இல்லை.

பாட்டியோட படத்தை ஒரு வழியா 4ஆர் அளவிலே, முழுப் படமா, முகத்தை வெட்டிப் பெருசாக்காம அச்சுப் போட்டுக் கொடுத்தோம். அந்த அளவிலே இழுபட்டது கண்ணுக்கு அவ்வளவாத் தெரியல. பெருசா வீட்டுச் சுவரிலே மாட்டணும்னு அவர் நினைச்சது நடக்கல. இந்த வருஷம் அவரே அம்மாவோட குடத்தைத் தலையிலே எடுத்துக்கிட்டு வந்தாரு. வாசப்படியிலே, 1/500, ISO 1600. எடுத்ததும் பெருசாக்கிப் பார்த்தோம், இமைமுடி எண்ணலாம் போல இருந்துச்சு. பூஜை முடிஞ்சு அவர்கிட்ட காட்டினோம். கொஞ்ச நேரம் பார்த்துட்டு, "அம்மா மூக்குண்ணே எனக்கு"ன்னு சொன்னாரு. அவர் அனுமதியோட அந்தப் படத்தை இந்தப் பதிவிலே முதலாவதாப் போட்டிருக்கோம்.

பங்குனி உத்திரத்திலே பால்குடம், காவடி எடுத்தவங்க உங்க படத்தோட முழு அளவுப் பிரதி வேணும்னா, வெள்ளிக்கிழமை சாயரட்சை பூஜைக்கு அப்புறம் அன்னதான மண்டபத்துப் பக்கம் வாங்க. பென்டிரைவ் கொண்டு வாங்க, வாட்ஸ்அப்பிலே அனுப்பினா படம் சுருங்கிப் போகும்.